மூன்று மாத்திரை, வாரம் ஒரு முறை

வகுப்பில் அவளுக்கு அத்தை என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முப்பத்து நான்கு வயதில் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதல் மாதம் அந்தப் பெயர் சுருக்கென்று தைத்தது. உள்தேர்வில் அவள் முதல் மதிப்பெண் வாங்கியதும் அதே பிள்ளைகள் "அத்தை, நோட்ஸ் குடுங்க அத்தை" என்று பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார்கள். அப்புறம் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துப் போய்விட்டது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் அவள் பதினான்கு வருடம் ஒரு செருப்புக் கடையில் பில் போட்டவள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், உடனே குழந்தை, உடனே வேலை. கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று முதலாளியின் மருமகன், "உங்களுக்கெல்லாம் இது புரியாதும்மா, நீங்க பெட்டி அடுக்குங்க" என்று சொன்னான். ஒரே ஒரு வாக்கியம்தான். அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் வயதானவர்களும் சேரலாம் என்று தெரிந்ததும் யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். பஸ் ஓட்டும் அவள் கணவன், "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினான். மறுநாள் அவனே ஒரு நல்ல பை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு முழுக்க மருந்துச் சீட்டுச் சுருக்கங்கள். ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை. பி.டி. இரண்டு வேளை. டி.டி.எஸ். மூன்று வேளை. க்யூ.ஐ.டி. நான்கு. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எச்.எஸ். படுக்கும்போது. எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். ஸ்டாட் என்றால் இந்த நிமிஷமே. மகள் கரண்டியை நீட்டிக்கொண்டு கேள்வி கேட்பாள், இவள் அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொல்வாள். "எனக்கு டீ பி.டி., திட்டு மட்டும் க்யூ.ஐ.டி." என்பான் கணவன். "உங்களுக்குத் திட்டு எஸ்.ஓ.எஸ்.தான். தேவை அடிக்கடி வருது, நான் என்ன பண்றது?" என்பாள் அவள். வீடே சிரிக்கும்.

இந்தச் சந்தோஷத்தை வீட்டுக்கு வெளியே அவள் ஒருத்தியிடம்தான் பகிர்ந்துகொண்டாள். டெய்லர் அக்கா. ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிர்ச் சந்தில் தையல் கடை வைத்திருந்தாள். மாணவர்களின் வெள்ளைக் கோட்டுகளெல்லாம் அவள் தைத்தவைதான். அளவு எடுக்கும்போதே, "மத்த பிள்ளைங்களுக்கு ரெண்டு பாக்கெட். உனக்கு மூணு வைக்கிறேன். குடும்பஸ்திக்கு நாலு சாமான் இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். மதிப்பெண் வந்தால் முதலில் அங்கேதான் ஓடுவாள். டெய்லர் அக்காவுக்கு ஒரு வருடமாக விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கத்தரிக்கோல் பிடிக்க முடியாத வலி. "டாக்டரைப் பாருங்கக்கா, பாருங்கக்கா" என்று நச்சரித்து அனுப்பியதும் இவள்தான்.

வியாழனும் சனியும் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பயிற்சி. அங்கே ஒரு நடைமுறை இருந்தது. இன்சார்ஜ் சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணி எடுப்பார். பயிற்சிக்கு வந்தவர் அதே சீட்டைப் பார்த்துக் காகித உறையில் எப்போது, எத்தனை என்று எழுத வேண்டும். பிறகு இன்சார்ஜ் சீட்டையும் உறையையும் பக்கத்தில் வைத்துச் சத்தமாகப் படித்து நோயாளியிடம் கொடுக்க வேண்டும். நான்கு கண்கள் பார்த்தால் தப்பு தப்பிக்காது என்பதற்காக ஏற்பட்ட முறை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் நெரிகிறபோது கடைசிப் படியைத்தான் முதலில் விழுங்கிவிடுவார்கள். எங்கேதான் அப்படி இல்லை, சொல்லுங்கள்?

அந்த வியாழக்கிழமையும் கூட்டம் நெரிந்தது. பக்கத்தில் அவள் வகுப்புப் பையன்கள் இருவர் உறை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு ஒரு சீட்டு புரியாமல் இன்சார்ஜிடம் நீட்டினான். "எச்.எஸ். தெரியாதா உனக்கு? அத்தையைப் பாரு, என்னைக்காவது எங்கிட்ட வந்து கேட்டிருக்காங்களா?" என்றார் இன்சார்ஜ். பையன் அசடு வழிந்தான். அவளுக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது.

அடுத்த சீட்டு டெய்லர் அக்காவுடையது. ஜன்னலுக்கு வெளியே அவளே நின்றுகொண்டு கையை ஆட்டினாள். மூட்டு டாக்டர் எழுதியிருந்தார். சீட்டில் இரண்டு மருந்து. ஒன்று கைவசம் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லி இன்சார்ஜ் அதன்மேல் ஒரு கோடு போட்டார். மற்றது எம்.டி.எக்ஸ். இரண்டரை மில்லிகிராம், மூன்று மாத்திரை. அதற்குப் பக்கத்தில் எட்டின் கீழ் ஐம்பத்திரண்டு. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம் என்பதால் அதற்கு எட்டு வாரம் என்று பொருள். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நடுவில் ஓ.டபிள்யூ. என்று இரண்டு எழுத்து.

அவள் பேனா நின்றது. ஃபிரிட்ஜ் கதவில் அப்படி ஒன்று கிடையாது. புத்தகத்தில் பார்த்த ஞாபகமும் இல்லை. இன்சார்ஜ் இரண்டு முழம் தள்ளி மாத்திரைப் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "சார், இது என்ன?" என்று கேட்டால் முடிந்தது. மூன்று வார்த்தை. ஆனால் இப்போதுதானே அவர் அப்படிச் சொன்னார்? பையன்கள் இருவரும் பக்கத்திலேயே இருந்தார்கள். வாய் வரவில்லை. டாக்டர் கையெழுத்து கிறுக்கல், டி-யைத்தான் இப்படி இழுத்துவிட்டிருக்கிறார் என்று அவளே ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். முத்து முத்தாக எழுதினாள்: தினமும் ஒரு வேளை, மூன்று மாத்திரை.

இன்சார்ஜ் எண்ணி வைத்த இருபத்து நான்கு மாத்திரையை உறையில் போட்டார். சத்தமாகப் படிக்கப் போகும் நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது. காதில் போனை இடுக்கிக்கொண்டு உறையை அப்படியே ஜன்னல் வழியே நீட்டிவிட்டார். "வரேன்மா, சாயங்காலம் கடைப்பக்கம் வா" என்று டெய்லர் அக்கா போய்விட்டாள். அன்று சாயங்காலம் இவள் போகவில்லை. அடுத்தடுத்த நாட்களும் தேர்வு, வேலை என்று போகவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பு மருத்துவச் சொற்கள். எடுக்கிறவளுக்குப் பெயர் கத்தரி மிஸ். எந்த நீளமான சொல்லைக் கரும்பலகையில் எழுதினாலும் சாக்பீஸால் சரக் சரக்கென்று வெட்டித் துண்டு போட்டுவிடுவாள். அத்தையைவிட எட்டு வயது சின்னவள். நர்சிங் முதலாண்டும் மருந்தியல் முதலாண்டும் அந்த வகுப்புக்கு ஒன்றாக உட்காரும்.

"வால்ல என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க. ஐட்டிஸ்னு முடிஞ்சா அழற்சி. வீங்கும், சிவக்கும், வலிக்கும். தலையில ஆர்த்ர் இருந்தா மூட்டு. சேர்த்துச் சொல்லுங்க."

"ஆர்த்ரைட்டிஸ்!" என்றது வகுப்பு.

"ஸ்டொமாட்னா வாய்."

"ஸ்டொமடைட்டிஸ்!"

"பீனியான்னு முடிஞ்சா குறைவு. சைட்டோன்னா செல். பான்னா எல்லாம்." மிஸ் மூன்று துண்டையும் ஒட்டி எழுதினாள். "பான்சைட்டோபீனியா. ரத்தத்துல சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாமே குறைஞ்சு போறது. இந்த மூணு வார்த்தையும் ஒரே நோயாளிகிட்ட பாக்கணுமா? மூட்டு வியாதிக்குக் குடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இருக்கு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும். யாராவது புண்ணியவான் அதைத் தினமும்னு எழுதிட்டா போதும். முதல்ல வாய் வெந்துடும். அப்புறம் ரத்தம் இறங்கும். அப்புறம் காய்ச்சல். கவனிக்காம விட்டா ஆளே போயிடுவாங்க."

அத்தை அதையும் முத்து முத்தாக நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"சீட்டுல அதை எம்.டி.எக்ஸ்.னு சுருக்கி எழுதறவங்க இருக்காங்க. வாரம் ஒரு முறைங்கிறதை ஓ.டபிள்யூ.ன்னு எழுதறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே எழுதக் கூடாது, முழுசா எழுதணும்னு தலைப்பாடா அடிச்சுக்கறோம். ஆனா எழுதறாங்க. அதனால..."

அதற்குமேல் மிஸ் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. எட்டு வாரம், இருபத்து நான்கு மாத்திரை. வாரத்துக்கு மூன்று என்றால் கணக்கு அப்படியே நிற்கிறது. தினமும் மூன்று என்றால் எட்டே நாளில் தீர்ந்துவிடும். அடப் பாவி, கண் முன்னால் கணக்கு இருந்ததே! செருப்புக் கடையில் பதினான்கு வருடம் கூட்டிக் கழித்த மண்டைக்கு இது தெரியாமல் போயிற்றே! எழுந்தாள். நோட்டு கீழே விழுந்தது. "என்ன அத்தை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள் மிஸ். "மிஸ், நான் போகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

நடந்துகொண்டே போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பின்வாசலுக்கு மருந்தகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்சார்ஜ் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நின்று மூச்சிரைக்கச் சொன்னாள். அவர் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது.

"மெதுவா பேசு, மெதுவா பேசு" என்று அவளை உள்ளே இழுத்தார். "நான் படிச்சுப் பாக்காம குடுத்துட்டேனே... சரி. பதறாதே. நீ போய் அந்த உறையை வாங்கு. வேற உறை எழுதிக் குடுத்துடலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லிடு. அஞ்சாறு நாள்தானே, ஒண்ணும் ஆகியிருக்காது. மேல யார்கிட்டயும் மூச்சு விடாதே. எனக்கு வேலை போகும், உனக்குக் காலேஜ் சீட் போகும். புரியுதா?"

அவர் கெட்டவர் இல்லை. கொடுத்ததில் ஒரு மாத்திரை குறைந்தால் நோயாளி வீடு வரை போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன். பயம் வந்தால் யாருக்கும் புத்தி இப்படித்தான் ஓடும். உண்மையைச் சொன்னால், "உனக்குக் காலேஜ் சீட் போகும்" என்று கேட்டதும் அவள் புத்தியும் ஒரு நொடி அதே வழியில்தான் ஓடியது. தலையை ஆட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

தையல் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். மிஷினில் ஒரு கோட்டு பாதியில் நின்றது. டெய்லர் அக்கா வெட்டும் மேசைக்குக் கீழே பாய் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சொம்பில் தண்ணீர், அதில் ஒரு உறிஞ்சுகுழல்.

"வாம்மா" என்றாள். வார்த்தை குழறியது. "போன் அடிச்சுது. பேச முடியாதுன்னு எடுக்கல. வாயெல்லாம் புண்ணு. தண்ணி கூட எரியுது. மருந்துச் சூடு போல. விரல் வலி மட்டும் கொஞ்சம் தேவலை, பாரேன்." உதட்டைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே கன்னமும் நாக்கும் வெந்துபோய்க் கிடந்தன.

ஸ்டொமடைட்டிஸ். அரை மணி நேரத்துக்கு முன்னால் வகுப்போடு சேர்ந்து கத்திய வார்த்தை.

"அக்கா, மாத்திரை எங்கக்கா?"

நூல்கண்டு டப்பாவுக்குள்ளிருந்து உறையை எடுத்து நீட்டினாள். அத்தையின் கையெழுத்து. உள்ளே ஆறு மாத்திரைதான் மிச்சம். வியாழன் மத்தியானமே ஆரம்பித்து, இன்று காலை வரை ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டிருக்கிறாள். இடுப்பில் போன் அதிர்ந்தது. இன்சார்ஜ். "உறை கையில வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்."

"அப்பாடா. கிழிச்சுப் போடு. நிறுத்தச் சொல்லிட்டு வந்துடு."

உறை கையில் இருந்தது. கிழிக்க இரண்டு நொடி போதும். யாருக்கும் தெரியாது, டெய்லர் அக்காவுக்குக் கூடத் தெரியாது. டெய்லர் அக்கா அந்த வெந்த வாயோடு அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். நிறுத்தினால் போதுமா? போதாது என்றால் முறிவு மருந்து இருக்குமே? எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும்? அவளுக்குத் தெரியாது. தெரிந்தவரைத்தான் கேட்க வேண்டும். கேட்கப் போனால் இந்த உறையைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

"சார், நான் அக்காவைக் கூட்டிக்கிட்டு மூட்டு டாக்டர்கிட்ட போறேன். நீங்களும் அங்க வந்துடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். "அக்கா, எந்திரிங்க. நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். நடந்துக்கிட்டே சொல்றேன்."

டாக்டர் அறைக்கு வெளியே வரிசை. "முறைப்படி வாங்கம்மா" என்று தடுத்த நர்ஸிடம் உறையையும் சீட்டையும் சேர்த்துக் காட்டினாள். நர்ஸ் இரண்டையும் ஒரு முறைதான் பார்த்தாள். கதவைத் திறந்து விட்டுவிட்டாள்.

டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். "காய்ச்சல் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"மூக்கு, ஈறு எங்கயாவது ரத்தம்?"

"பல் விளக்கறப்ப கொஞ்சம் வருது."

அவர் நிமிர்ந்தார். "எத்தனை மாத்திரை உள்ள போயிருக்கு?"

"பதினெட்டு சார்" என்றாள் அவள். "உறையில தப்பா எழுதினது நான்தான். ஓ.டபிள்யூ. எனக்குத் தெரியல. தெரியலைன்னு கேக்க வெட்கப்பட்டுக்கிட்டு ஓ.டி.ன்னு எழுதிட்டேன்."

கதவருகே வந்து நின்ற இன்சார்ஜ் தரையைப் பார்த்தார். பிறகு, "நானும் படிச்சுப் பாக்காம குடுத்துட்டேன் டாக்டர்" என்றார். டெய்லர் அக்கா ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் தன் சீட்டில் தானே எழுதிய ஓ.டபிள்யூ.வைப் பார்த்தார். அப்புறம் நர்ஸிடம் மளமளவென்று சொன்னார்: உடனே ரத்தப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கும் சேர்த்து. தனி அறை. அந்த மாத்திரையை முறிக்கிற லியூகோவோரின் ஊசி, இந்த நிமிஷமே ஆரம்பிக்க வேண்டும். எழுத ஆரம்பித்தவர் சுருக்கமாக க்யூ போட்டுப் பாதியில் நிறுத்தி, அதை அடித்துவிட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று முழு வார்த்தையில் எழுதினார். "இன்னைக்கே கொண்டு வந்தது நல்லது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. இப்பவும் சொல்ல முடியாது, ரத்தம் இன்னும் இறங்கும். நாலைஞ்சு நாள் போகணும்" என்றார்.

அந்த நாலைஞ்சு நாள் இருக்கிறதே, அதை எதிரிக்குக் கூடக் கொடுக்கக் கூடாது. முதல் நாள் வெள்ளையணு ஆயிரத்து எண்ணூறு. நான்காயிரத்துக்குக் குறையக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் ஆயிரத்து இருநூறு. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. எதிர்க்க ஆளில்லாத ரத்தத்தில் காய்ச்சல் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டிபயாடிக் ஊசி ஏற்றினார்கள். அறைக்குள் முகமூடி இல்லாமல் யாரும் போகக் கூடாது. பூ, பழம் எதுவும் உள்ளே வரக் கூடாது. அவளுடைய வகுப்பில் உட்காரும் நர்சிங் பிள்ளை ஒருத்திக்கு அந்த வார்டில் பயிற்சி. வெளியே வரும்போதெல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அந்த ஆட்டலுக்கு நல்லதா கெட்டதா என்று அர்த்தம் தேடியே இவளுக்கு மண்டை வெடித்தது.

உள்ளே போக முடியவில்லை. டெய்லர் அக்காவின் தங்கை கதவை மறித்து நின்றாள். "நீங்கதானே எழுதினது?"

"ஆமாம்மா."

"எங்கக்கா உங்களைப் பத்தி எத்தனை பெருமையா பேசுவா தெரியுமா? வீட்டுக்கு வந்தா உங்க மார்க்கைத்தான் சொல்லுவா. போங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

நிற்கவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். டெய்லர் அக்கா வாய்ப் புண்ணால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேள்விப்பட்டாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுதான் இவளை அரித்துத் தின்றது.

வெள்ளிக்கிழமை விசாரணை. கல்லூரி முதல்வர், மருத்துவக் கண்காணிப்பாளர், கத்தரி மிஸ். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். இன்சார்ஜும் சொன்னார், உறையைக் கிழிக்கச் சொன்னது உட்பட. அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவள் இந்த வருடம் முழுக்க மருந்தக வாசலில் கால் வைக்கக் கூடாது, பயிற்சி மணி நேரங்களை அடுத்த வருடம் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதாவது படிப்பு ஒரு வருடம் நீளும். "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் முதல்வர். "அக்காவுக்கு எப்படி இருக்குன்னு யாராவது சொல்லுங்க சார்" என்றாள். கத்தரி மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் கணவன் தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தான். "நிறுத்திடலாமாங்க?" என்றாள். "எதை?" "படிப்பை." அவன் குழம்பை ஊற்றினான். "வண்டியில ஒருத்தர இடிச்சுட்டா நான் ஸ்டியரிங்க விட்டுட்டு ஓடவா முடியும்? முதல்ல அவங்க பொழைக்கட்டும். சாப்பிடு" என்றான். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வெள்ளையணு தொள்ளாயிரம். ஞாயிறும் அதே தொள்ளாயிரம். காய்ச்சல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. திங்கள் காலை அவள் வழக்கம்போலப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது நர்சிங் பிள்ளை படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி வந்தாள். "அத்தை! ஆயிரத்து அறுநூறு! ஏறுது அத்தை! காய்ச்சலும் இல்ல!" அவள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

இரண்டு நாள் கழித்துத் தங்கையே படிக்கட்டுக்கு வந்தாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. "அக்கா கூப்பிடறா. முகமூடி போட்டுக்கிட்டு வாங்க."

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனாள். டெய்லர் அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். உதட்டில் காய்ந்த பொருக்கு. அத்தை கட்டிலருகே நின்றாள், உட்காரத் தோன்றவில்லை.

"உக்காரும்மா" என்றாள் டெய்லர் அக்கா. குரல் இன்னும் முழுசாக வரவில்லை. "இத்தனை நாளா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். வாய் திறக்க முடியல."

"சொல்லுங்கக்கா. என்ன வேணா சொல்லுங்க."

"டாக்டர் எங்கிட்ட வாரத்துக்கு ஒரு நாள்னுதான் சொன்னாரு. எனக்கு அரைகுறையா ஞாபகம். உறையில பாத்தா தினமும்னு இருக்கு. சந்தேகமாவே இருந்துச்சு. சனிக்கிழமை உங்க ஜன்னல் வரைக்கும் வந்தேன். நீ உள்ள எழுதிக்கிட்டு இருந்தே. சுத்தி அந்தப் பிள்ளைங்க எல்லாம் நின்னுச்சு." மூச்சு வாங்கினாள். "இதைப் போய் எல்லார் முன்னாடியும் கேட்டா, உன் மரியாதை என்ன ஆகும்? நீ தப்பா எழுதியிருப்பியாங்கிற மாதிரி ஆயிடுமே. உனக்குச் சங்கடமா இருக்கும்னு நினைச்சு திரும்பிட்டேன்."

சனிக்கிழமை. அன்று கேட்டிருந்தால் மூன்று நாள் மாத்திரை உள்ளே போயிருக்காது. வாய் வெந்திருக்காது. இந்தக் கட்டில் இருந்திருக்காது.

"எனக்காகவா? ஐயோ, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா!"

டெய்லர் அக்கா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் என்று பெயருக்குக் கூட இல்லை.

"நீயும்தாம்மா கேட்டிருக்கலாம்" என்றாள்.

டெய்லர் அக்கா களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அத்தை ஒரு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.